வைஃபை செக்யூரிட்டி: WEP, WPA, WPA2, WPA3 - வீட்டுக்கு எதை வைக்கிறது? அடிக்கடி வர்ற கேள்விகள்

ரவுட்டர் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டின்னு போனா அஞ்சாறு பேர் வரிசையா இருக்கு. ஒண்ணும் புரியல. எதை செலக்ட் பண்ணனும்னு மட்டும் சொல்லுங்க.

லிஸ்ட்ல `WPA2/WPA3-Personal` இருந்தா அதை வைங்க. வீட்ல இருக்கிற எல்லாமே புதுசு, 2020க்கு அப்புறம் வந்ததுதான்னா `WPA3-Personal` மட்டும் வச்சுப் பாருங்க. ரெண்டுமே இல்லன்னா `WPA2-PSK [AES]`. சில ரவுட்டர்ல இதே `WPA2-Personal`னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். WEP, பின்னாடி நம்பர் இல்லாத வெறும் WPA, TKIP இந்த மூணுல எது தெரிஞ்சாலும் அந்தப் பக்கம் போகாதீங்க, `WPA/WPA2 [TKIP+AES]`னு கலந்து இருக்கிறதும் வேணாம். எந்த மோடு வச்சாலும் பாஸ்வேர்ட் நல்லா இருக்கணும், ஏன்னு கீழ வரும், உண்மையில இந்தப் பக்கத்துல முக்கியமான விஷயமே அதுதான்.

WEP, WPA ரெண்டும் அவ்வளவு மோசமா? பாஸ்வேர்ட் கேக்குதுல்ல?

கேக்கும், ஆனா அதை வச்சு பிரயோஜனம் இல்ல. WEP 1997ல வைஃபை ஸ்டாண்டர்டோட சேர்ந்தே வந்தது. அதோட என்கிரிப்ஷன்லயே ஓட்டை இருக்குன்னு 2001லயே பேப்பர் வந்துடுச்சு, 2007ல வந்த ஒரு முறைல போதுமான டிராஃபிக்கைப் பிடிச்சா ஒரு நிமிஷத்துக்குள்ள கீயை எடுத்துடலாம்னு காட்டிட்டாங்க. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, நீங்க எவ்வளவு கஷ்டமான பாஸ்வேர்ட் வச்சாலும் WEPல அது உதவாது, ஏன்னா அங்க யாரும் பாஸ்வேர்டை ஊகிக்கிறதே இல்ல, காத்துல போற பாக்கெட்டுகளைச் சேத்து கணக்குப் போட்டு நேரா கீயை எடுத்துடறாங்க.

WPA 2003ல அவசரத்துக்குப் போட்ட ஒட்டு. அப்போ எல்லார்கிட்டயும் இருந்த பழைய ஹார்ட்வேர்லயே வெறும் சாஃப்ட்வேர் அப்டேட்ல ஓடணும்னு, WEPக்கு அடியில இருந்த அதே சைஃபரை, அதாவது டேட்டாவைப் பூட்டற அதே முறையை, வச்சுக்கிட்டு மேல TKIPனு ஒரு அடுக்கு போட்டாங்க. அடுத்த வருஷமே, 2004ல, WPA2 வந்துடுச்சு, அதுல AESனு வேற, பலமான சைஃபர். 2006ல இருந்து வைஃபை சர்டிஃபிகேட் வேணும்னா WPA2 கட்டாயம். அதனால இன்னிக்கு WPA வச்சாதான் கனெக்ட் ஆகும்னு அடம்பிடிக்கிற டிவைஸ் உங்க வீட்ல இருந்தா அது ரொம்பப் பழசு, அந்த ஒண்ணுக்காக மொத்த வீட்டையும் இறக்காதீங்க.

நல்ல பிளான்தான் போட்டிருக்கேன், ஆனா வைஃபைல மட்டும் ஸ்பீடு ஒரு அளவுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. இதுக்கும் செக்யூரிட்டி மோடுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கலாம், இது நிறைய பேருக்குத் தெரியாது. WEPலயோ TKIPலயோ கனெக்ட் ஆனா 802.11nங்கிற வைஃபை தலைமுறைல இருந்து வந்த வேகம் எதையும் யூஸ் பண்ணக்கூடாதுன்னு ஸ்டாண்டர்டே சொல்லுது. அதனால ரவுட்டர் பெட்டி மேல எவ்வளவு பெரிய நம்பர் போட்டிருந்தாலும் லிங்க் 54 எம்பிபிஎஸ்லயே நின்னுடும், ஸ்பீடு டெஸ்ட் போட்டா அதுல பாதிக்குக் கிட்ட வந்தா பெரிசு. லேப்டாப்ல லிங்க் ஸ்பீடு சரியா 54னு காட்டுச்சுன்னா முதல்ல பாக்க வேண்டிய இடம் இந்த செக்யூரிட்டி மோடுதான், சர்வீஸுக்குப் போன் போடறதெல்லாம் அப்புறம்.

WPA3 வச்சா ஸ்லோ ஆகுமான்னும் சிலர் கேக்கறாங்க. ஆகாது. டேட்டாவை என்கிரிப்ட் பண்றது WPA2லயும் வீட்டு WPA3லயும் அதே AESதான், அதை சிப்பே பாத்துக்கும். மாறினது முதல்ல கனெக்ட் ஆகும்போது நடக்கிற பேச்சுவார்த்தை மட்டும்தான்.

WPA2வையே உடைச்சுட்டாங்கன்னு எங்கயோ படிச்சேன். அப்போ அதுவும் வேஸ்ட்டா?

நீங்க படிச்சது அநேகமா 2017 அக்டோபர்ல வந்த KRACKகா இருக்கும், பெல்ஜியத்துல இருக்கிற மேத்தி வான்ஹூஃப் கண்டுபிடிச்சது. கனெக்ட் ஆகும்போது போனும் ரவுட்டரும் நாலு மெசேஜ் மாத்திக்கும், அதுல மூணாவது மெசேஜைத் திரும்பத் திரும்ப அனுப்பி, டிவைஸ் ஏற்கனவே யூஸ் பண்ண கீயை மறுபடி முதல்ல இருந்து யூஸ் பண்ண வச்சாங்க. நிஜமான ஓட்டைதான், ஆனா அதுல உங்க பாஸ்வேர்ட் வெளிய போகாது, அதுவும் சாஃப்ட்வேர் அப்டேட்லயே அடைபடற ஓட்டை. போனும் லேப்டாப்பும் அதுக்கப்புறம் அப்டேட் வாங்கியிருந்தா அந்தக் கதை முடிஞ்சுது. அப்டேட்டே வராம கிடக்கிற பழைய போன்தான் பிரச்சனை.

நான் கவலைப்படறது வேற விஷயத்துக்கு, அது ஓட்டையே இல்ல, WPA2 வேலை செய்யற விதமே அப்படி. உங்க போன் ரவுட்டரோட சேரும்போது மாத்திக்கிற அந்த நாலு மெசேஜும் காத்துல வெளிப்படையாத்தான் போகுது. பாஸ்வேர்ட் அதுல இருக்காது, ஆனா பாஸ்வேர்ட்ல இருந்து கணக்குப் போட்டு வந்த ஒரு சரிபார்ப்புக் குறி இருக்கும். பக்கத்துல உக்காந்திருக்கிற ஒருத்தன் அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டா போதும், அதுக்கப்புறம் அவன் உங்க வீட்டுப் பக்கமே வர வேணாம். வீட்டுக்குப் போய் "இந்தப் பாஸ்வேர்டா இருந்தா இந்தக் குறி வருமா?"ன்னு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கலாம். ரவுட்டருக்கு இது தெரியவே தெரியாது, மூணு தடவை தப்பா போட்டா லாக் ஆகறதெல்லாம் இங்க கிடையாது.

அந்த மெசேஜுக்காக அவன் காத்திருக்கவும் வேணாம். ரவுட்டர் அனுப்பற மாதிரியே ஒரு பொய்யான டிஸ்கனெக்ட் மெசேஜை அனுப்புவான், உங்க போன் நம்பி வெளிய வந்துட்டு உடனே தானா மறுபடி சேரும், நீங்க பாத்தா வீடியோ ஒரு நொடி நின்னு ஓடின மாதிரி இருக்கும், அவ்வளவுதான், அந்த நொடில அவனுக்கு வேணுங்கிறது கிடைச்சிருக்கும். 2018ல இன்னொரு வழியும் வெளிய வந்துச்சு, சில ரவுட்டர்ல போனே கனெக்ட் ஆகாம ரவுட்டர்கிட்ட இருந்து மட்டுமே இதே மாதிரி ஒரு குறியை வாங்கிடலாம்.

ஆக WPA2ங்கிறது பாஸ்வேர்டை நம்பி நிக்கிற மோடு. பாஸ்வேர்ட் நல்லா இருந்தா இன்னிக்கும் WPA2 உறுதியா நிக்கும், ஊகிக்க முடிஞ்ச பாஸ்வேர்டா இருந்தா அதுக்கு மேல எதுவும் காப்பாத்தாது.

எங்க வீட்ல போன் நம்பரைத்தான் பாஸ்வேர்டா வச்சிருக்கோம், பத்து இலக்கம் இருக்கே, போதாதா?

கணக்குப் போட்டே பாத்துடலாம். WPA2ல ஒரு பாஸ்வேர்டைச் சோதிக்கணும்னா அதை 4096 சுத்து சுத்தி அரைக்கணும்னு வச்சிருக்காங்க, வேணும்னே மெதுவா ஆக்கறதுக்கு. அப்படி இருந்தும் கேம் விளையாட வாங்கற ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு செகண்டுக்கு 20 லட்சம் பாஸ்வேர்டுக்கு மேல சோதிக்கும். 20 லட்சம்னே வச்சுக்குவோம்.

எட்டு இலக்கம், வெறும் நம்பர்னா மொத்தம் 10 கோடி வாய்ப்பு. 10 கோடியை 20 லட்சத்தால வகுத்தா 50 செகண்ட். பிறந்த தேதியை எட்டு இலக்கமா வச்சிருக்கிறவங்களுக்கு அவ்வளவு கூட ஆகாது, ஏன்னா நூறு வருஷத்துத் தேதி எல்லாம் சேத்தாலே 40,000 கூட வராது. பத்து இலக்கம்னா 1,000 கோடி, அதாவது 5,000 செகண்ட், ஒன்றரை மணி நேரத்துக்குள்ள ஒரு இலக்கம் விடாம எல்லாத்தையும் பாத்து முடிச்சுடலாம். போன் நம்பர்னு தெரிஞ்சா முதல் இலக்கங்கள் எதுல ஆரம்பிக்கும்னு தெரியும், அப்போ இன்னும் சீக்கிரம்.

இப்போ எழுத்துக்கு வாங்க. சின்ன எழுத்து மட்டும், ஆனா குருட்டாம்போக்குல எடுத்த 12 எழுத்து. 26ஐ 12 தடவை பெருக்கினா கிட்டத்தட்ட 95,000 லட்சம் கோடி வருது, அதே கார்டுக்கு 1,500 வருஷம் ஆகும். நூறு கார்டு வாங்கிப் போட்டாலும் 15 வருஷம், பக்கத்து வீட்டு வைஃபைக்காக யாரும் அதைப் பண்ண மாட்டாங்க. கேப்பிடல், நம்பர், ஆச்சரியக்குறி எதுவும் இல்லாமலே இது, நீளமும் ஒழுங்கில்லாம இருக்கிறதும்தான் வேலை செய்யுது.

ஆனா குருட்டாம்போக்குங்கிற வார்த்தைலதான் எல்லாம் இருக்கு. குழந்தை பேரும் பிறந்த வருஷமும் சேத்தா 12 எழுத்து வரலாம், ஆனா ஊகிக்கிறவன் aaaaல இருந்து ஆரம்பிக்க மாட்டான், பேர் லிஸ்ட், ஊர் லிஸ்ட், சினிமா லிஸ்ட், வெளிய கசிஞ்ச பழைய பாஸ்வேர்ட் லிஸ்ட் எல்லாத்தையும் வச்சு ஒவ்வொண்ணு பின்னாடியும் வருஷத்தை ஒட்டித்தான் ஆரம்பிப்பான். aக்கு பதிலா @ போடறதும் அந்த லிஸ்ட்ல இருக்கு.

வீட்டுக்கு வர்றவங்களுக்குச் சொல்ற மாதிரி ஞாபகத்துல நிக்கணும்னா, ஒரு தடிமனான அகராதியை எடுத்து கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு இடத்துல பிரிச்சு விரல் பட்ட வார்த்தையை எடுங்க. அஞ்சையும் இங்கிலீஷ் எழுத்துல நடுவுல புள்ளி வச்சு அடிங்க. வைஃபை பாஸ்வேர்ட் 63 எழுத்து வரைக்கும் போகலாம், அதனால இடம் பத்தாதுன்னு கவலை இல்ல. வார்த்தை பிடிக்கலைன்னு மாத்தி மாத்தி அழகான வார்த்தையா தேடாதீங்க, அங்கதான் குருட்டாம்போக்கு போயிடும்.

அப்போ WPA3ல இந்த ஊகிக்கிற வேலை நடக்காதா?

வீட்ல உக்காந்து ஊகிக்கிறது நடக்காது. WPA3 2018ல வந்தது, அதுல கனெக்ட் ஆகிற முறையையே மாத்திட்டாங்க, அதுக்கு SAEன்னு பேரு, மெனுலயும் சில ரவுட்டர்ல `WPA3-SAE`ன்னே இருக்கும். இதுல போனும் ரவுட்டரும் தங்களுக்குப் பாஸ்வேர்ட் தெரியும்னு ஒருத்தருக்கொருத்தர் நிரூபிச்சுக்குவாங்க, ஆனா வெளிய இருந்து கேக்கிறவன் கைல சோதிச்சுப் பாக்கிற மாதிரி எந்தக் குறியும் மாட்டாது. ஒரு பாஸ்வேர்டைச் சோதிக்கணும்னா ஒவ்வொரு தடவையும் உங்க ரவுட்டர்கிட்டயே நேரா வந்து கேக்கணும். செகண்டுக்கு 20 லட்சம் பாத்தவன் இப்போ செகண்டுக்கு ஒரு சிலதுதான் பாக்க முடியும், அதுவும் உங்க வீட்டு சிக்னல் எட்டற இடத்துலயே நின்னுக்கிட்டு.

அதுக்காக `12345678` வச்சுக்கலாம்னு அர்த்தம் இல்ல, எல்லாரும் வைக்கிற முதல் நூறு பாஸ்வேர்டை நேரா வந்தே போட்டுப் பாத்துடலாம்.

WPA3ம் வந்த உடனே சுத்தமா இருக்கல. 2019ல அதே வான்ஹூஃபும் எயால் ரோனனும் சேந்து டிராகன்பிளட்னு சில ஓட்டைகளைக் காட்டினாங்க, கணக்குப் போட ஆகிற நேரத்தை அளந்து பாஸ்வேர்டைப் பத்தின துப்பு எடுக்கிற மாதிரி. அப்டேட்ல சரி பண்ணாங்க, அப்புறம் கணக்குப் போடற முறையையும் மாத்தினாங்க. அதனால ஆரம்பத்துல வந்த WPA3 ரவுட்டர் வச்சிருந்தா ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கான்னு பாத்துடுங்க.

வீட்டுக்கு வந்தவங்களுக்கு பாஸ்வேர்ட் கொடுத்தா நான் என்ன பாக்கறேன்னு அவங்களால பாக்க முடியுமா?

WPA2ல பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஒருத்தர் உங்க போன் கனெக்ட் ஆகிற அந்த நாலு மெசேஜையும் பிடிச்சுட்டா, அதுக்கப்புறம் உங்க போன் வைஃபைல அனுப்பறதை எல்லாம் திறக்க முடியும், வயர்ஷார்க் மாதிரி ஃப்ரீயா கிடைக்கிற சாஃப்ட்வேர்லயே அதுக்கு இடம் இருக்கு. இன்னொண்ணு, இன்னிக்கு பிடிச்சு வச்சுட்டு ஆறு மாசம் கழிச்சு பாஸ்வேர்ட் தெரிஞ்சாலும் பழசையெல்லாம் திறக்கலாம். WPA3ல இது ரெண்டும் ஆகாது, ஒவ்வொரு தடவை சேரும்போதும் தனிச்சாவி, பாஸ்வேர்ட் தெரிஞ்சாலும் அது வராது.

பயந்துடாதீங்க, திறந்தாலும் உள்ள பேங்க், மெயில், சாட் எல்லாம் தனியா ஒரு என்கிரிப்ஷன்லதான் இருக்கும், பிரவுசர்ல பூட்டு போட்டுக் காட்டுமே அது. எந்த சைட்டுக்குப் போனீங்கங்கிற அளவுக்குத்தான் பெரும்பாலும் தெரியும். இருந்தாலும் வர்றவங்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க்கைத் திறந்து கொடுக்கிறது நல்லது, அது மோடைப் பொறுத்தது இல்ல, உங்க பிரிண்டர், ஹார்ட் டிஸ்க் பக்கமெல்லாம் அவங்க போன் வராம இருக்கத்தான்.

`WPA2/WPA3` கலந்த மோடு வச்சா WPA3ஓட பாதுகாப்பு முழுசா கிடைக்குமா?

முழுசா கிடைக்காது. கலந்த மோடுல ரெண்டு வாசல், ஆனா ரெண்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட். உங்க புது போன் WPA3 வழியா போகும், பழைய டிவி WPA2 வழியா போகும். டிவி கனெக்ட் ஆகும்போது பிடிச்ச குறியை வச்சு பாஸ்வேர்டை ஊகிச்சுட்டா, அது உங்க போனோட பாஸ்வேர்டும்தான். WPA2 மட்டும் தெரிஞ்ச மாதிரி அதே பேர்ல ஒரு பொய் ரவுட்டரைக் காட்டி WPA3 தெரிஞ்ச போனையே கீழ இறக்கவும் முடியும்னு டிராகன்பிளட்லயே காட்டியிருக்காங்க.

அப்புறம் ஏன் அதை வைக்கச் சொல்றேன்னா, WPA3ல போற டிவைஸ்களுக்கு மேல சொன்ன தனிச்சாவி கிடைக்குது, பழசும் ஓடுது, தனியா எதுவும் பண்ண வேண்டியதில்ல. பாஸ்வேர்டை மட்டும் WPA2க்கு வைக்கிற அளவுக்கு பலமா வச்சுடுங்க. பழைய டிவைஸ் ஒவ்வொண்ணா கழிஞ்சு போனதும் WPA3 மட்டும்னு மாத்திக்கலாம். 6 கிகாஹெர்ட்ஸ் இருக்கிற ரவுட்டர்னா அந்த பேண்டுல WPA2க்கு அனுமதியே கிடையாது, அங்க தானாவே WPA3தான்.

கலந்த மோடுக்கு மாத்தினேன், பிரிண்டர் காணாம போயிடுச்சு, பல்ப் ஒண்ணும் எரிய மாட்டேங்குது. திரும்ப மாத்திடட்டுமா?

முழுசா திரும்பிப் போக வேணாம். இது எப்படி நடக்குதுன்னா, கலந்த மோடுல ரவுட்டர் தன்னைப் பத்தி அறிவிக்கும்போது WPA2, WPA3 ரெண்டையும் சேத்து, PMFங்கிற ஒரு வசதியும் இருக்குன்னு சொல்லும், அது என்னன்னு அடுத்த கேள்வில வரும். ஒழுங்கா எழுதின டிவைஸ் தனக்குப் புரியாததை விட்டுட்டு WPA2வை எடுத்துக்கும். சில பழைய பிரிண்டர், விலை குறைஞ்ச ஸ்மார்ட் பல்ப், கேமரா எல்லாம் அந்த லிஸ்ட்ல தெரியாத பேரைப் பாத்த உடனே குழம்பி மொத்தமா விலகிடும். எர்ரரும் உருப்படியா வராது, பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லும், இல்ல உங்க வைஃபை பேரையே காட்டாது.

ஒரு வீட்டை எடுத்துக்குவோம். ரெண்டு போன், ஒரு லேப்டாப் எல்லாம் புதுசு, ஒரு டிவி, எட்டு வருஷப் பழைய பிரிண்டர், ரெண்டு பல்ப். கலந்த மோடு போட்டதும் போன், லேப்டாப், டிவி எல்லாம் வந்துடுச்சு, பிரிண்டரும் பல்பும் வரல. முதல்ல பிரிண்டர்ல பழைய நெட்வொர்க்கை அழிச்சுட்டு புதுசா சேத்துப் பாக்கணும், பாதி நேரம் அதுலயே சரியாயிடும். ஆகலைன்னா ரவுட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க்கையோ, இருந்தா ஐஓடி நெட்வொர்க்கையோ திறந்து, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும், வேற பேர், வேற பாஸ்வேர்ட், மோடு `WPA2-PSK [AES]`, PMF ஆஃப். பல்ப் ரெண்டையும் அங்க சேத்துடலாம், அதுங்களுக்கு இன்டர்நெட் இருந்தா போதும். பிரிண்டர் கொஞ்சம் தகராறு, ஏன்னா கெஸ்ட்ல போட்டா மெயின் நெட்வொர்க்ல இருக்கிற லேப்டாப்புக்கு அது தெரியாது. கெஸ்ட் செட்டிங்ஸ்ல உள் நெட்வொர்க்கைப் பாக்க அனுமதின்னு ஒரு டிக் இருந்தா போடலாம், ஆனா போட்டா கெஸ்ட்ல இருக்கிற எல்லாத்துக்கும் சேத்துதான் கதவு திறக்கும். என்னைக் கேட்டா பிரிண்டரை யூஎஸ்பி கேபிள்லயோ நெட்வொர்க் கேபிள்லயோ போட்டுட்டு அந்த டிக்கை விட்டுடுவேன். பாஸ்வேர்ட் வேற வேறயா இருக்கிறதால பல்போட WPA2 பாஸ்வேர்ட் போனாலும் போன்கள் இருக்கிற நெட்வொர்க்குக்கு ஒண்ணும் ஆகாது, கலந்த மோடுல சொன்ன குறையும் இதுல அடங்கிடுது.

மேல PMF, PMFனு சொல்றீங்களே, ரவுட்டர்லயும் Disabled, Capable, Required-னு மூணு இருக்கு. எது?

பொய்யான டிஸ்கனெக்ட் மெசேஜ் அனுப்பி போனை வெளிய தள்றாங்கன்னு சொன்னேனே, அதைத் தடுக்கிறது இது. கனெக்ஷனை நிர்வாகம் பண்ற மெசேஜ்ல ரவுட்டர் அனுப்பினதா இல்லையான்னு போன் சரிபாக்கும். WPA3 மட்டும்னா `Required`, அதுல இது கட்டாயம், பல ரவுட்டர் தானாவே மாத்திடும். கலந்த மோடுலயும் WPA2லயும் `Capable`, சில மெனுல `Optional`னு இருக்கும். `Disabled` அந்த பல்ப் நெட்வொர்க்குக்கு மட்டும்.

இப்போ என் லேப்டாப் எந்த மோடுல கனெக்ட் ஆகியிருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து:

```
netsh wlan show interfaces
```

`Authentication`ங்கிற வரில `WPA2-Personal` இல்ல `WPA3-Personal`னு இருக்கும், அடுத்த வரில `Cipher`, அங்க `CCMP`ன்னு இருந்தா AES, நல்லது. `TKIP`ன்னு இருந்தா ரவுட்டருக்குப் போய் மாத்துங்க. லேப்டாப்புக்கு WPA3 வருமா வராதான்னு தெரியணும்னா இது:

```
netsh wlan show drivers
```

கீழ ஒரு லிஸ்ட் வரும், அதுல `WPA3-Personal` இருந்தா வரும். விண்டோஸ் 10னா 1903 வெர்ஷனாவது இருக்கணும், அதோட டிரைவரும் ஒத்துழைக்கணும். லினக்ஸ்ல:

```
nmcli -f SSID,SECURITY dev wifi
```

இது ரவுட்டர் என்னென்ன அறிவிக்குதுன்னு காட்டும், கலந்த மோடுன்னா `WPA2 WPA3`ன்னு ரெண்டும் தெரியும். ஆண்ட்ராய்டுல 10ல இருந்து WPA3 இருக்கு, போன்ல இருக்கிற சிப்பும் ஒத்துக்கணும், வைஃபை பேரைத் தொட்டா விவரத்துல மோடு தெரியும். ஐபோன்ல 7ல இருந்து வரும். ஐபோன்ல வைஃபை பேருக்குக் கீழ `Weak Security`ன்னு காட்டுச்சுன்னா உங்க ரவுட்டர் WEPலயோ WPAலயோ TKIPலயோ இருக்குன்னு அர்த்தம், போனைக் குறை சொல்ல வேணாம்.

என் ரவுட்டர்ல WPA3ன்னு ஒண்ணே இல்லையே, புதுசு வாங்கணுமா?

முதல்ல ஃபர்ம்வேர் அப்டேட் பாருங்க, சிலதுல அப்டேட் பண்ணதும் வந்துடும். வரலைன்னாலும் WPA2 AES, 12 எழுத்து குருட்டு பாஸ்வேர்ட், PMF இருந்தா `Capable`, இதை வச்சுக்கிட்டு நிம்மதியா ஓட்டலாம். மோடுக்காக மட்டும் வாங்க வேணாம். ஆனா ஃபர்ம்வேர் பக்கத்துல கடைசி அப்டேட் அஞ்சாறு வருஷம் முன்னாடின்னு இருந்தா அது வாங்கறதுக்கு நல்ல காரணம், ஏன்னா அப்போ பிரச்சனை வைஃபைல மட்டும் இல்ல, ரவுட்டரே ஓட்டையோட இன்டர்நெட்ல நிக்குது.

WPS பட்டன் இருக்கே, அதை அழுத்தினா பாஸ்வேர்ட் இல்லாமலே சேருதே, இருக்கட்டுமா?

பட்டன் கூட பரவாயில்ல, ரெண்டு நிமிஷம்தான் திறந்திருக்கும். பின் நம்பர் முறைதான் வினை. எட்டு இலக்கம், அதுல கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கு. மீதி ஏழையும் சேத்துச் சோதிக்காம முதல் நாலு சரியா, அடுத்த மூணு சரியான்னு தனித்தனியா ரவுட்டரே சொல்லிடுது. 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 தடவைல முடிஞ்சுது. 2011 டிசம்பர்லயே இது வெளிய வந்துடுச்சு. இதுல பின் கிடைச்சா ரவுட்டரே பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்துடும், நீங்க அகராதியைப் பிரிச்சு எடுத்த அஞ்சு வார்த்தையும் வீண். பின்னை மட்டும் ஆஃப் பண்ண வழி இருந்தா அதை, இல்லன்னா WPSஐயே ஆஃப் பண்ணிடுங்க. WPA3 மட்டும் வச்சா WPS பெரும்பாலும் தானாவே மறைஞ்சுடும், ரவுட்டர் கெட்டுப் போச்சுன்னு நினைச்சுடாதீங்க.

வைஃபை பேரை மறைச்சுட்டு, மேக் ஃபில்டரும் போட்டுட்டா செக்யூரிட்டி மோடு எதுவா இருந்தா என்ன?

ரெண்டும் வேஷம்தான். உங்க போன் சேரும்போது மறைச்ச பேரை அதுவே வெளிப்படையா சொல்லும், மேக் ஃபில்டர் பாக்கிற மேக் அட்ரஸ், அதாவது டிவைஸோட அடையாள நம்பர், ஒவ்வொரு பாக்கெட்லயும் என்கிரிப்ட் ஆகாம போகுது, அதைப் பாத்து காப்பியடிக்கிறது சுலபம். பேரை மறைச்சா இன்னொரு தொல்லை, போன் போற இடமெல்லாம் "அந்த நெட்வொர்க் இங்க இருக்கியா"ன்னு கேட்டுக்கிட்டே போகும். பேரை மறைக்கிறதுக்கு பதிலா மாத்துங்க, WPA2ல அந்த 4096 சுத்து கணக்குல வைஃபை பேரும் சேருது, கம்பெனி வச்ச பொதுவான பேரா இருந்தா அதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டு வச்ச அட்டவணை யூஸ் ஆகும், தனிப் பேரா இருந்தா ஆகாது.

லிஸ்ட்ல Enterprise-னு இருக்கே, அது இன்னும் பலமா?

ஆளுக்கொரு யூசர்நேம் வச்சு சேர்றது, அதைச் சரிபாக்க தனியா ஒரு சர்வர் ஓடணும். ஆபீஸுக்கு. வீட்ல தெரியாம செலக்ட் பண்ணா எதுவுமே கனெக்ட் ஆகாது, திரும்ப `Personal`க்கு வாங்க.

மோடு மாத்தினதும் போன் "பாஸ்வேர்ட் தப்பு"ங்குது, பாஸ்வேர்டை மாத்தவே இல்லையே?

போன்ல சேமிச்சு வச்சிருக்கிறது பாஸ்வேர்ட் மட்டும் இல்ல, எந்த மோடுங்கிறதும் சேந்துதான். WPA2ன்னு சேமிச்சதை வச்சுக்கிட்டு WPA3 மட்டும் இருக்கிற ரவுட்டரைத் தட்டினா சில டிவைஸ் இப்படித்தான் சொல்லும். நெட்வொர்க்கை மறந்துடுன்னு கொடுத்துட்டு மறுபடி சேருங்க. அப்பவும் வரலைன்னா கலந்த மோடுக்கு மாத்திப் பாருங்க, அதுல வந்துட்டா அந்த போனுக்கு WPA3 வரல. இதையெல்லாம் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு லேப்டாப்பை கேபிள்ல ரவுட்டரோட சொருகி வச்சுக்கிட்டு, அதுல இருந்து மாத்துங்க. வைஃபைல இருந்துக்கிட்டே வைஃபை மோடை மாத்தினா சேவ் அழுத்தின நொடில வெளிய வந்துடுவீங்க, அப்புறம் உள்ள போறதுக்கு வழி இல்லாம ரீசெட் பட்டனைத் தேடற மாதிரி ஆயிடும்.